முப்பத்தோராம் நிமிஷத்துக்கு நான் எழுதாத வரி

போட்காஸ்ட் நடத்துறவங்க யாரும் வெளிய சொல்லிக்காத ஒரு விஷயம் இருக்கு. எபிசோடைக் கேக்குறவங்க கம்மி, அறிவிப்பைப் படிக்கிறவங்கதான் அதிகம். படிச்ச கையோட "அருமைங்க, கண்ணுல தண்ணி வந்துடுச்சு"ன்னு பதில் போடுவாங்க. முக்கா மணி நேரப் பேச்சு வெளியாகி டீ ஆறக்கூட இல்ல, அதுக்குள்ள எங்கேர்ந்துடா வந்துச்சு தண்ணி? எனக்குப் பத்திக்கினு வரும். ஆனா யாரை வையறது, அந்த அறிவிப்பை எழுதுறவளே நான்தான்.

வாணியம்பாடியில எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. அதோட பின்கட்டு ரூம்ல பழைய மெத்தையைச் செவுத்துல சாத்தி வச்சு, மைக்கு போட்டு, நானும் பக்கத்துச் செருப்புக்கடை பாயும் சேந்து நடத்துறோம். கேள்வி கேக்கறது நான். சத்தத்தைச் சுத்தம் பண்றது, வெட்டி ஒட்டுறது, நேரம் குறிச்சு ஏத்தி விடுறது பாய். அறிவிப்பு என் பங்கு. பாக்க நாலு பத்திதான், ஆனா பிராணன் போவும். மொதல்ல விருந்தாளி யாருன்னு மூணு வரி. அதுல அவங்களைத் தூக்கவும் கூடாது, இறக்கவும் கூடாது. அப்புறம் எந்த நிமிஷத்துல என்ன வருதுன்னு நேரப்பட்டியல். வெட்டி ஒட்டி முடிச்ச கடைசி ஃபைலை வச்சுத்தான் அதை எழுதணும். முன்னாடி பாட்டு கொஞ்சம் நீண்டாலும் பட்டியல் மொத்தமும் தள்ளிப்போய், சாமைச் சோறுன்னு தட்டினா பன்னி விரட்டுன கதை ஓடும். கடைசியில லிங்க். ஒவ்வொரு ஆப்புக்கும் தனித்தனியா போட்டா ஜனம் குழம்புதுன்னு, எல்லா ஆப்பும் ஒரே பக்கத்துல வர்ற மாதிரி ஒரே லிங்க் போடுவோம்.

அந்தத் தடவை விருந்தாளி ஜவ்வாது மலையில நெல்லிவாசல் பக்கத்து ஊர்க்காரம்மா. சாமை, புளி வாங்கி விக்கிற மகளிர் குழுவுக்கு அவங்கதான் தலைவி. புருஷன் குடகுல காப்பித் தோட்டத்து வேலைக்குப் போய்ட்டு வருஷத்துல ரெண்டு தடவை வருவாரு. நான் மலையேறிப் போய் அவங்க வூட்டுலயே பதிவு பண்ணேன். வாயத் தொறந்தா அருவிதான். சாமை குத்துறது, பன்னி வெரட்டுறது, வியாபாரிகிட்ட எடை போடச் சொல்லி மல்லுக்கு நிக்கிறது, எல்லாம் சிரிக்கச் சிரிக்கச் சொன்னாங்க. அப்புறம் நான் கேக்காமலே மகளைப் பத்திப் பேச ஆரம்பிச்சாங்க.

அந்தப் பொண்ணுக்கும் அந்தம்மாவோட நாத்தனார் மகனுக்கும் பேசி, பாக்கு வெத்தலை மாத்தியாச்சு. முறை மாப்பிள்ளை. அவன் ஜீப் ஓட்டுறான். பொண்ணு பன்னெண்டாவது முடிச்சதும், கீழ தையல் பழகப் போயிருக்கான்னு சொந்தபந்தத்துக்கெல்லாம் சொல்லிட்டு, நர்சிங்ல சேத்துட்டாங்க. தையல்னா சீக்கிரம் முடிஞ்சுரும், கல்யாணத்துக்குத் தடையில்ல. நர்சிங்னா வருஷக்கணக்கு. நாத்தனார் வூட்டுக்குத் தெரிஞ்சா அன்னிக்கே போய்க் கூட்டிகினு வந்துருவாங்க.

பதிவு முடிஞ்சதும் மைக்கை அணைச்சேன். "இதை வெட்டி எடுத்துடட்டுங்களா?"ன்னு கேட்டேன்.

"இருக்கட்டும்மா. கீழ இருக்கற பொம்பளைங்க கேக்கட்டும், நம்மள மாதிரி ஒருத்தி இருக்கான்னு. எங்காளுங்க எங்க கேக்கப் போறாங்க? இங்க டவரே இல்ல. ஜீப்பு வர்ற வழியில ஒரு வளைவு இருக்கு, அங்கதான் கொஞ்சம் எடுக்கும். எழுத்து வரும், போட்டோ பாதி வரும். பேச்செல்லாம் சுத்திகினே கெடக்கும்."

எழுத்து வரும்னு அவங்க சொன்னது என் காதுல நல்லா விழுந்துச்சு. அதனாலதான் நேரப்பட்டியல்ல அந்த இடத்துக்கு நான் இப்படி எழுதுனேன்: "31:05 – மத்த அம்மாக்களுக்கு இந்த அம்மா சொல்றது." அவ்ளோதான். கேக்குறவன் கேட்டுத் தெரிஞ்சுக்கட்டும்.

பாய்க்கு அது பிடிக்கல. "யக்கா, இது இன்னா ரேஷன் கடை போர்டாட்டம் கீது? எபிசோட்ல உயிரே அங்கதான் கீது. அதை மூடி வச்சா யாரு லிங்க்கை அமுக்குவா?"

"யாரும் அமுக்கலன்னா போவட்டும். அந்தம்மா குடும்பம் கெடக்கூடாது."

"அவங்களேதான் இருக்கட்டும்னு சொன்னாங்களே."

"பேச்சு இருக்கட்டும்னாங்க. எழுத்து இருக்கட்டும்னு சொல்லல. ரெண்டும் வேற பாய்."

தலைய ஆட்டுனாரு. ஆட்டுனா சரின்னு அர்த்தம்னு நான் நம்புனேன். அதான் நான் செஞ்ச தப்புன்னா தப்பு.

மறுநாள் காலையில பல்லு வெளக்கிகினே போனைப் பாக்குறேன், அறிவிப்பு போயிருக்கு. மேல என்னோட மூணு வரி அப்படியே இருக்கு. அந்தம்மா பேரு, ஊரு, குழு, சாமை. கீழ பட்டியல்ல:

"04:20 – சாமைச் சோறு ஏன் ஒட்டாது.
17:45 – எடைக்கல்லோடு நடந்த சண்டை.
31:05 – நிச்சயமான மகளை நர்சிங் படிக்க அனுப்பிவிட்டு, தையல் என்று ஊருக்குச் சொன்ன பொய்!"

ஆச்சரியக்குறி வேற. வாயில நுரையோட பாய்க்குப் போன் போட்டேன். என்ன சொன்னேன்னு இங்க எழுத முடியாது. எங்க தெருவுல ரெண்டு ஜன்னல் தொறந்துச்சு.

"எங்கெங்க போட்டீங்க?"

"நம்ம பக்கத்துல... நம்ம குரூப்புல... அப்புறம் அவங்க மகளிர் குழு வாட்ஸப்லயும். அவங்க எபிசோடாச்சே, சந்தோஷப்படுவாங்கன்னு."

 மகளிர் குழுன்னா மலை மேல அத்தனை ஊரும் அதுல இருக்கு. "இப்பவே அழிங்க. எல்லார் போன்லயும் அழியற மாதிரி அழிங்க. எபிசோட் குறிப்புலயும் மாத்துங்க."

அழிச்சாரு. ஆனா அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாம போட்டதை அழிக்கலாம், அதுக்குள்ள ஒருத்தர் எடுத்து வேற ஆளுக்கு அனுப்பியிருந்தா அதைத் தொட முடியாது. குறிப்பை மாத்துனாலும் ஒவ்வொரு ஆப்பும் அதுக்குத் தோணுறப்பதான் புதுசை எடுத்துக்கும். அதுவரைக்கும் பழசுதான் காட்டும். கொட்டுன பாலு.

"அந்தம்மாவுக்குப் போன் போடலாம்"னாரு பாய்.

"டவர் இல்லாத ஊருக்கு எதுல போடுவீங்க, பாட்டா செருப்புலயா?"

கடையை இழுத்து மூடிட்டு திருப்பத்தூருக்கு பஸ் ஏறுனேன். அங்கேர்ந்து மலை பஸ். ஒவ்வொரு வளைவுலயும் ஒடம்பு ஒரு பக்கம் சாயுது, நான் போனைக் கையில வச்சிகினு குறிப்பு புதுசா வந்துடுச்சா, வந்துடுச்சான்னு இழுத்து இழுத்துப் பாத்துகினே போறேன். ஒரு ஆப்புல மாறிடுச்சு. இன்னொண்ணுல ஆச்சரியக்குறி அப்படியே நிக்குது. அதுக்குள்ள சிக்னல் போச்சு. பக்கத்து சீட்டுப் பொம்பளை "வாந்தி வருதாம்மா?"ன்னு எலுமிச்சம்பழம் குடுத்துச்சு. வாங்கி வச்சுக்கினேன்.

பஸ் நிக்கிற இடத்துல இறங்குனா, நெல்லிவாசல் பக்கம் போவ ஒரே ஒரு ஷேர் ஜீப்தான் நின்னுகினு இருந்துச்சு. ஓட்டுறது யாருன்னு நெனைக்கிறீங்க? அவனேதான். நாத்தனார் மகன். பதிவு பண்ண வந்தப்பவும் அவன் வண்டியிலதான் போனேன், அவன்தான் மாப்பிள்ளைன்னு அந்தம்மா பேசுனப்புறம்தான் தெரிஞ்சுது. "வாங்கக்கா, ரேடியோக்காரங்க"ன்னு சிரிச்சான். சட்டைப் பாக்கெட்ல போன் துருத்திகினு இருந்துச்சு. முன்சீட்டுல இடம் குடுத்தான். உக்காந்தேன். வேற வழி?

இவன் இன்னும் படிக்கலன்னு அந்தச் சிரிப்புலயே தெரிஞ்சுது. டவர் எடுக்குற அந்த வளைவுக்கு முன்னாடி நான் ஏதாச்சும் பண்ணணும். என்ன பண்றது? அவன் போனைப் புடுங்கி வெளிய எறியறதா? "தம்பி, அந்த வளைவுல நிறுத்தாம போயேன்"னு கேட்டேன். "அவசரமா போவணும்."

"அங்க நிறுத்தலன்னா இவங்க என்னைக் கொன்னுருவாங்கக்கா"ன்னு பின்னாடி காட்டுனான். பின்னாடி முழுக்க ஜனம், மூட்டை, ஒரு ஆட்டுக்குட்டி. ஒவ்வொரு கையிலயும் ஒரு போனு.

வளைவு வந்துச்சு. நிறுத்திட்டான். ஒண்ணு மாத்தி ஒண்ணு மணியடிக்க ஆரம்பிச்சுது.  பின்னாடி இருந்த பெரியம்மா ஒண்ணு போனை முன்னால நீட்டுச்சு. "ஏம்பா, உங்கத்தை பேரு மாதிரி தெரியுது பாரு. எனக்குக் கண்ணு தெரியல. சத்தமா படி, எல்லாரும் கேப்போம்."

யாரோ எடுத்து அனுப்புன பிரதி. பாய் அழிச்சதுக்கு முன்னாடி.

அவன் வாங்கிப் படிச்சான். பள்ளிக்கூடத்துல படிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்தி, ராகமா. அத்தை பேரு வந்ததும் பின்னாடி ஒரு சந்தோஷச் சத்தம். சாமைச் சோறு படிச்சான். எடைக்கல்லு படிச்சான், சிரிச்சாங்க. அடுத்ததுல "முப்பத்தொண்ணு அஞ்சு"ன்னு ஆரம்பிச்சான். நின்னுட்டான்.

நான் ரோட்டையே பாத்துகினு இருந்தேன். அவன் மூச்சு எனக்குக் கேட்டுச்சு.

"முப்பத்தொண்ணு அஞ்சு"ன்னு திரும்பச் சொன்னான். "புளியில கொட்டை எடுக்கறது எப்படி." போனைப் பின்னாடி குடுத்தான். "அவ்ளோதான் பெரியம்மா."

"புளிக்கொட்டை எடுக்க இவ சொல்லித்தான் ஜனம் தெரிஞ்சுக்கணுமா"ன்னு பெரியம்மா சிரிச்சுது. வண்டி கிளம்புச்சு.   எனக்கு அழணும்போல இருந்துச்சு, என்னை நானே அறைஞ்சுக்கணும்போலவும் இருந்துச்சு.

ஊருக்குள்ள எல்லாரையும் இறக்கி விட்டுட்டு, என் கூடவே நடந்து வந்தான். அந்தம்மா வாசல்ல சாமை காய வச்சிகினு இருந்தாங்க. என்னைப் பாத்ததும் மூஞ்சி மலர்ந்துச்சு, பின்னாடி அவனைப் பாத்ததும் அப்படியே செத்துச்சு. நான் சொல்லவே வேணாம். அவங்களுக்குப் புரிஞ்சுபோச்சு.

"எழுதிட்டியா?"ன்னாங்க என்னைப் பாத்து. அது வரைக்கும் என்னை நீ வா போன்னு பேசுனதில்ல.

"நான் எழுதல. என் கூட இருக்கறவர்..."

"யாரு எழுதுனா இன்னா, எம் பொண்ணு படிப்பு போச்சு."

அவன் திண்டாடி நின்னான். கண்ணு செவந்திருந்துச்சு. "அத்தை, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நான் இன்னா பேயா பிசாசா? பொய் சொல்லி ஒளிச்சு வைக்கற அளவுக்கு நான் கெட்டவனா?"

அந்தம்மா குனிஞ்சு சாமையைத் துழாவுனாங்க. எனக்குத் தாங்கல. "தம்பி, நீ படிச்சது ஒரு வரி. அவங்க பேசுனதைக் கேக்கல. இதுல கீது"ன்னு போனை எடுத்தேன். கடைசி ஃபைல் எப்பவும் என் போன்ல இருக்கும், நேரம் சரிபாக்க. அதுக்கு டவர் வேணாம்.

முப்பத்தொண்ணு அஞ்சுக்குத் தள்ளி வச்சேன். வூட்டுக்குள்ள மூணு பேரும் நின்னுகினு கேட்டோம். பதிவுல பின்னாடி கோழி கத்துறது கூட கேட்டுச்சு.

"அவன் நல்ல பிள்ளைம்மா. யாருக்கு இடுப்பு வலின்னாலும், பாம்பு தொட்டாலும், கேட்ட நேரத்துக்கு வண்டி எடுப்பான். அவனைக் கட்டிகினா எம் பொண்ணு ஒரு நாளும் பட்டினி கிடக்க மாட்டா. அதாம்மா எனக்குப் பயம். கெட்டவனா இருந்தா மூஞ்சிக்கு நேரா வேணாம்னு சொல்லியிருப்பேன். நல்லவன்கிட்ட எப்படிச் சொல்றது? இன்னா குறைன்னு கேட்டா எங்கிட்ட பதில் இல்லியே. அதான் பொய்யில போய் நின்னேன்."

நிறுத்துனேன். பாய் எழுதுன ஆச்சரியக்குறிக்குப் பின்னாடி இவ்ளோ இருந்துச்சு. பட்டியல்ல பொய் மட்டும் வந்துச்சு, அவனைப் பத்திச் சொன்ன நல்லது ஒரு எழுத்துகூட வரல.

அவன் தலை குனிஞ்சு நின்னான். "இன்னொரு தபா போடுங்கக்கா"ன்னான். போட்டேன்.

அது ஓடிகினு இருக்கும்போதே வெளிய சத்தம். அவனோட அம்மாதான், அதாவது அந்தம்மாவோட நாத்தனார். ஜீப்புல வந்த அந்தப் பெரியம்மா போன் வூட்டுக்குப் போயிருக்கு, அங்க படிக்கத் தெரிஞ்ச வாய் ஒண்ணு கிடைச்சிருக்கு. புளிக்கொட்டை நர்சிங்காயிடுச்சு. பின்னாலயே பாதி ஊரு.

"எங்கடீ அவ? எம் புள்ளைக்கு நிச்சயம் பண்ணவளை எங்கடீ வித்த?"

"அண்ணி, படிக்கத்தான்..."

"தையல்னு சொன்னியேடீ! தம்பி பொண்டாட்டின்னு பாத்தா என் தலையிலயே மொளகா அரைச்சிருக்க. இப்பவே வண்டிய எடுக்கச் சொல்றேன். இன்னிக்கே போய்க் கூட்டியாறோம். இந்த வாரமே தாலி. டேய், எடுடா வண்டியை!"

அந்தம்மா வாசக்கதவு நெலையைப் பிடிச்சிகினு நின்னாங்க.  

அவன் வெளிய வந்தான். "வண்டி வராதும்மா."

"ஏன்டா வராது?"

"நான்தான் போய்ப் படின்னு அனுப்புனேன். தையல்னு சொல்லச் சொன்னதும் நான்தான். எனக்கு அந்தப் பொண்ணு வேணாம். உங்கிட்ட சொல்ல பயந்துகினு அத்தையைச் சொல்ல வச்சேன்."

 எனக்கே ஒரு நிமிஷம் அது நெஜமோன்னு தோணிடுச்சு. அவன் அம்மா கால்ல இருந்த செருப்பைக் கழட்டி அவனை அடிச்சுது. தோள்ல, முதுகுல. அவன் தடுக்கல. "பாக்கு மாத்துனப்புறம் வேணாம்னா ஊர்க்கூட்டத்துல நிக்க வைப்பாங்கடா, தண்டம் போடுவாங்கடா, உன்னை எவனும் மதிக்க மாட்டான்டா"ன்னு அடிக்கும்போதே அழுதுச்சு.

"நிக்கிறேன்"னான்.

அதுக்கு மேல அடிக்கறதுக்கு அவன் அம்மாவுக்குத் தெம்பில்ல. செருப்பைப் போட்டுகினு, மகனை முன்னால தள்ளிகினு போச்சு. கூட்டமும் பின்னாலயே போச்சு. காய வச்ச சாமை முழுக்க மிதிபட்டுக் கெடந்துச்சு. நான் குனிஞ்சு அள்ள ஆரம்பிச்சேன். மன்னிப்புக் கேக்க வாய் வரல. கேட்டா அது எனக்காகக் கேக்கற மாதிரி இருக்கும்.

"போச்சுன்னு நெனச்சேன்"னாங்க அந்தம்மா பின்னாலேர்ந்து. "படிப்பு தப்பிச்சுது. எம் பொண்ணு படிப்பா."

"படிப்பாங்க"ன்னேன், தலை நிமிராம.

 திரும்பிப் பாத்தேன். அந்தம்மா வாசப்படியில உக்காந்து முந்தானையை வாயில அடைச்சிகினு விக்கி விக்கி அழுதுகினு இருந்தாங்க. பக்கத்துல போய் உக்காந்தேன். அப்புறம் முந்தானையை எடுத்தாங்க. அவன் போன திசையில கையக் காட்டுனாங்க, கோவத்தோட.

"ஊரு முன்னால நின்னுகினு எம் பொண்ணு வேணாம்னு சொல்லிட்டானே. எம் பொண்ணுக்கு இன்னாடா குறைச்சல்?"